மின்னஞ்சலைத் திருப்பிப் பெயர்த்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன் பக்கத்து நண்டு, கணவாய், கருவாட்டு வியாபாரிகள் தமிழில் சொல்வதை வெளியூர் கம்பெனிகளுக்கு ஆங்கில மின்னஞ்சலாக எழுதிக் கொடுப்பது என் வேலை. அனுப்புவதற்கு முன் அந்த ஆங்கிலத்தை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி தமிழாக்கிப் பார்க்கிறேன். அதைப் பற்றி நேரிலும் போனிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

திருப்பிப் பெயர்க்கிறதுன்னா என்ன?

தமிழில் ஒரு கடிதம் இருக்கிறது. அதை ஒருவர் ஆங்கிலமாக்குகிறார். தமிழ்க் கடிதத்தைப் பார்க்காத வேறொருவர் அந்த ஆங்கிலத்தை மட்டும் வாங்கித் திரும்பத் தமிழில் எழுதுகிறார். இப்போது கையில் இரண்டு தமிழ் இருக்கும். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டால், போய்த் திரும்பிய வழியில் பொருள் எங்கே மாறியது என்று தெரியும். இதைப் பின்மொழிபெயர்ப்பு என்றும் சொல்வார்கள். மருந்துச் சோதனைகளில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்களையும், பல நாட்டு மக்களிடம் கேட்கும் ஆய்வு வினாத்தாள்களையும் இப்படிச் சரிபார்ப்பது நெடுநாள் வழக்கம். ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் 1970-இல் எழுதிய கட்டுரை இந்த முறைக்கு இன்றும் அடிப்படையாகச் சொல்லப்படுகிறது.

இதன் பெரிய வசதி, ஆங்கிலம் தெரியாத வியாபாரியே தன் கடிதத்தைச் சோதித்துக்கொள்ளலாம் என்பது. ஒப்பிட வேண்டிய இரண்டும் தமிழில்தானே இருக்கின்றன.

இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ரெண்டையும் காட்டி, சரியான்னு கேட்டாப் போதாதா?

போதாது என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. தமிழை முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்தைப் பார்ப்பவருக்கு, அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் மனசே அதை நிரப்பிக்கொள்ளும். "சரியாத்தான் இருக்கு" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நாம் மூலத்தை மறைத்து வைப்பது இதனால்தான். மும்பையில் அந்தக் கடிதத்தைத் திறக்கப்போகிறவர் கையிலும் தமிழ் இருக்காது. திருப்பிப் பெயர்ப்பவரை அவருடைய இடத்தில் உட்கார வைக்கிறோம்.

எப்படிச் செய்யணும்? படிப்படியாச் சொல்லுங்க.

முதலில் தமிழ்க் கடிதத்தின் வாக்கியங்களுக்கு எண் போடுங்கள். ஆங்கிலத்திலும் அதே எண்கள் வரட்டும். பிறகு ஆங்கிலத்தை மட்டும் திருப்பிப் பெயர்ப்பவருக்கு அனுப்புங்கள். இது யார் கடிதம், என்ன தகராறு என்று கதை சொல்லாதீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டே. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி தமிழாக்க வேண்டும், நடையை அழகுபடுத்தக் கூடாது. ஒரு வரிக்கு இரண்டு பொருள் தோன்றினால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். இந்த இரண்டாவதைச் சொல்ல மறந்தால் பாதிப் பயன் போய்விடும்.

திரும்பி வந்த தமிழை மூலத்தோடு வைத்துப் பார்க்கும்போது சொல் ஒத்துப்போகிறதா என்று தேடாதீர்கள். யார் செய்வது, எவ்வளவு, எப்போது, என்ன நிபந்தனை, நேரில் அறிந்ததா கேள்விப்பட்டதா என்ற ஐந்தை மட்டும் பாருங்கள். "செலவு" போய் "செலவினம்" வந்தால் விட்டுவிடலாம். "க்குள்" போய் "வரை" வந்தால் விடக் கூடாது.

உண்மையான ஒரு மெயிலை வச்சுக் காட்ட முடியுமா?

பாம்பனில் நண்டு எடுக்கும் அண்ணன் ஒருவர் ஏப்ரல் முதல் வாரத்தில் எழுதச் சொன்ன கடிதம் இது. அவர் சம்மதத்தோடு, விலை விவரத்தை நீக்கிவிட்டுத் தருகிறேன்.

1. நீங்கள் கேட்ட நண்டை ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறோம்.
2. ஏப்ரல் 15 முதல் விசைப்படகு கடலுக்குப் போகாது.
3. அதனால் நாட்டுப்படகில் வரும் நண்டு மட்டும்தான் கிடைக்கும்; நாள் ஒன்றுக்கு 60 கிலோவுக்கு மேல் தர முடியாது.
4. ஐஸ் செலவை நாம் பாதி பாதியாக ஏற்றுக்கொள்வதாகப் பேசினோம்.
5. போன லோடில் 8 கிலோ கழிவு என்று உங்கள் ஆள் சொன்னாராம். எடைச் சீட்டு வரவில்லை.
6. சீட்டை அனுப்பினால்தான் கணக்கை முடிக்க முடியும்.

இதை நான் ஆங்கிலமாக்கினேன். ராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு தங்கை அதைத் திருப்பித் தமிழில் எழுதி அனுப்பினாள்:

1. நீங்கள் கோரிய நண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி வரை அனுப்பப்படும்.
2. ஏப்ரல் 15 முதல் இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்லாது.
3. எனவே நாட்டுப்படகு நண்டு மட்டுமே கிடைக்கும். ஒரு நாளைக்கு 60 கிலோவுக்கு மேல் எங்களால் தர இயலாது.
4. ஐஸ் செலவில் பாதியை நாங்கள் (அல்லது நாம்?) ஏற்பதாகப் பேசியிருந்தோம்.
5. சென்ற லோடில் 8 கிலோ கழிவு என்று உங்கள் ஆள் சொன்னார். எடைச் சீட்டு கிடைக்கவில்லை.
6. நீங்கள் சீட்டை அனுப்பினால் கணக்கை முடித்துவிடலாம்.

மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒரே கடிதம்தான். ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

முதல் வரியில் அண்ணன் சொன்னது, 20-ஆம் தேதி தாண்டாமல் சரக்கை அனுப்பி முடித்துவிடுவோம் என்பது. திரும்பி வந்ததோ, 20 வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம், அப்புறம் நிறுத்திவிடுவோம் என்கிறது. தப்பு என்னுடையது. "பை" என்று எழுத வேண்டிய இடத்தில், பேச்சுப் பழக்கத்தில் "டில்" என்று எழுதியிருந்தேன். நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி நடக்கும் பிசகு இது.

இரண்டாவது வரிதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "விசைப்படகு" என்பது "இயந்திரப் படகு" என்று வந்தது. ஒரே பொருள்தானே என்று தாண்டிப் போகத் தோன்றும். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் யாருக்கு என்பதே இந்தச் சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். வெளிப்புறத்தில் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு போகலாம். ஆங்கிலத்தில் விசைப்படகை "மெக்கனைஸ்டு" என்றும், மோட்டார் மாட்டிய நாட்டுப்படகை "மோட்டோரைஸ்டு" என்றும் பிரித்துச் சொல்வார்கள். இரண்டுமே தமிழில் "இயந்திரப் படகு" என்று திரும்பி வரக்கூடியவை. அதனால் என் ஆங்கிலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். "மெக்கனைஸ்டு" என்றே இருந்தது. சரி, அந்த வரி பிழைத்தது. மற்றது இருந்திருந்தால், தடைக்காலத்தில் மோட்டார் வைத்த எந்தப் படகும் போகாது என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். மூன்றாவது வரியில் சொல்லும் 60 கிலோ எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்டிருப்பார்கள்.

நான்காவது வரியில் தங்கை போட்ட கேள்விக்குறியே போதுமான எச்சரிக்கை. தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி, "நாங்கள்" என்றால் கேட்பவர் நீங்கலாக. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "வீ"தான். அண்ணன் சொன்னது உங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. என் ஆங்கிலத்தில் பாதி மட்டும் நின்றது, மறுபாதி யாருடையது என்பது விழுந்துவிட்டது.

ஐந்தில் "சொன்னாராம்" போய் "சொன்னார்" வந்தது. ஒரு "ஆம்" குறைந்தது, அவ்வளவே. ஆனால் அண்ணனுக்கு அந்த ஆள் நேரில் எதுவும் சொல்லவில்லை. லாரி டிரைவர் வந்து சொன்னதுதான். "சொன்னார்" என்று எழுதிவிட்டால், முறையாகத் தெரிவித்தார்கள், நாமும் கேட்டுக்கொண்டோம் என்று ஆகிவிடும். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த ஒரு வரியைத்தான் முன்னால் வைப்பார்கள். ஆங்கிலத்தில் "ஆம்" விகுதிக்கு நேரான ஒட்டு கிடையாது, அதனால் விரித்தே எழுத வேண்டும். "உங்கள் ஆள் அப்படிச் சொன்னதாக லாரி டிரைவர் மூலம் கேள்விப்பட்டோம்; எங்களிடம் நேரில் யாரும் சொல்லவில்லை" என்று மாற்றினேன்.

ஆறில் "தான்" காணாமல் போயிருந்தது. சீட்டு வந்தால்தான் கணக்கு என்பது நிபந்தனை. சீட்டு வந்தால் கணக்கை முடித்துவிடலாம் என்பது வெறும் தகவல், சீட்டு இல்லாமலும் முடிக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ள இடம் உண்டு.

வித்தியாசம் வந்தா மொழிபெயர்த்தவர் மேலதான் தப்பா?

இல்லை. வித்தியாசம் மூன்று இடத்தில் பிறக்கலாம். மூலமே இரு பொருள் படும்படி இருக்கலாம், முதல் பெயர்ப்பில் தவறியிருக்கலாம், திருப்பியவர் தவறியிருக்கலாம். எங்கே என்று அறிய ஆங்கிலத்தில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ள கடிதத்தில் "படகு" திருப்பியபோது வந்த மங்கல், ஆங்கிலத்தில் குற்றமில்லை. "வரை" என் தவறு. இதைப் பிரிக்காமல் எல்லா வரியையும் திருத்தப் போனால் நல்ல வரியையும் கெடுத்துவிடுவோம். திருத்திய வரிகளை மட்டும் மறுபடி திருப்பிப் பார்த்தால் போதும். முடிந்தால் வேறொருவரிடம் கொடுங்கள், முதலாமவருக்கு இப்போது கதை தெரிந்துவிட்டது.

எல்லா வரியும் ஒத்து வந்துட்டா நிம்மதியா அனுப்பலாமா?

இதே கடிதத்தில்தான் நான் அடிபட்டேன். ஐந்தாவது வரியை மறுபடி பாருங்கள். "கழிவு" போய் "கழிவு" என்றே திரும்பி வந்தது. நானும் சரி என்று டிக் போட்டேன். ஆனால் அண்ணன் சொன்ன கழிவு, எடையில் கழித்துக்கொள்வது. கால் ஒடிந்தது, தண்ணீர் கோத்தது என்று சொல்லி மொத்த எடையில் 8 கிலோவைத் தள்ளிவிட்டார்களாம். அதை நான் "வேஸ்ட்" என்று எழுதியிருந்தேன். தங்கைக்கு "வேஸ்ட்" என்றால் தமிழில் கழிவுதான். போன சொல்லே திரும்பி வந்துவிட்டது. நடுவில் இருந்த ஆங்கிலம் மட்டும், லோடில் 8 கிலோ குப்பை கிடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் அதைத் தரக் குறைபாடு பற்றி நாமே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பெட்டியில் குப்பை, படம் எடுத்தீர்களா என்று பதில் வந்தது. விளக்கி முடிக்கிறவரை அண்ணனுக்கு வரவேண்டிய பணம் நின்றது. அவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்த தப்பு, அதே பாதையில் அழகாகத் திரும்பி வந்துவிடும். போகும்போது தமிழின் இரு பொருளில் ஒன்றைத் தவறாகப் பிடித்தோம்; வரும்போது அந்த ஆங்கிலச் சொல் மீண்டும் அதே இரு பொருள் தமிழ்ச் சொல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வகைத் தப்பைத் திருப்பிப் பெயர்ப்பது காட்டிக்கொடுக்காது. இதற்கு எதிராக, நன்றாக, இயல்பாகப் பெயர்த்த வரி பல சமயம் வேறு சொற்களில் திரும்பி வந்து நம்மைப் பயமுறுத்தும். அதனால் அச்சு அசலாகத் திரும்பிவரும் வரியைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கூடுதல் சந்தேகம் வருகிறது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, கடிதம் எழுதும் முன்பே தொழில் சொற்களைத் தனியாக எடுத்து விளக்கமாக எழுதி வைத்துக்கொள்வது. கழிவு, முன்பணம், லோடு, ரகம் பிரிப்பது, பெட்டி எடை போன்றவை. "கழிவு" என்பதற்குப் பக்கத்தில் "எடையிலிருந்து தள்ளுவது" என்று எழுதிவிட்டால், பெயர்ப்பவர் குப்பைக்குப் போக மாட்டார்.

அப்போ யாருகிட்ட கொடுத்துத் திருப்பச் சொல்றது?

நண்டு வியாபாரமே தெரியாத, ஆனால் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஆளாக இருக்கட்டும். தொழில் தெரிந்தவர் அரைகுறை வாக்கியத்தைக்கூடச் சரியாகப் புரிந்துகொண்டு நல்ல தமிழாக எழுதிவிடுவார். ஓட்டை அவர் கையிலேயே அடைபட்டுவிடும், நமக்குத் தெரியாது. மொழித் திறமை குறைந்தவரிடம் கொடுத்தாலும் சிக்கல்தான். அவருடைய தப்பையெல்லாம் நாம் கடிதத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

"கழிவு" போன்றதைப் பிடிக்கத் தொழில் தெரிந்தவர்தான் வேண்டும். அவருக்கு வேலை வேறு. திருப்ப வேண்டாம், ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டு என்ன புரிந்தது என்று சொன்னால் போதும். தூத்துக்குடியில் ஏற்றுமதிக் கணக்கு எழுதும் ஒருவர் எனக்கு இதைச் செய்து தருகிறார். "8 கிலோ வேஸ்ட்" என்பதை அன்று அவர் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே நிறுத்தியிருப்பார்.

மொழிபெயர்த்தவரே தன்னுடையதைத் திருப்புவது மட்டும் வேண்டாம். மறந்தபின் செய்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டும் பார்த்தேன். "டில்" என்று எழுதியிருந்ததை "க்குள்" என்றே திருப்பினேன்.

மரியாதை, பேச்சுத் தொனி எல்லாம் இதுல தெரியுமா?

தெரியாது. ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான். "நீ" என்று போனதா "நீங்கள்" என்று போனதா என்பதற்கு அங்கே தடயம் இல்லை. திருப்புகிறவர் தன் பண்புக்கு ஏற்ப "நீங்கள்" என்று எழுதுவார், நாமும் மரியாதை காப்பாற்றப்பட்டது என்று நினைத்துக்கொள்வோம். மூன்றாவது வரியில் "தர முடியாது" என்றது "எங்களால் தர இயலாது" என்று பணிவாக வந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பணிவு தங்கையுடையது. என் ஆங்கிலம் வெடுக்கென்றுதான் இருந்தது. துக்கம் விசாரிக்கும் கடிதம், மன்னிப்புக் கேட்கும் கடிதம் போன்றவற்றுக்கு இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அந்த மொழியிலேயே புழங்குகிற ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வர்ற இங்கிலீஷ் மெயிலுக்கும் இப்படிச் செய்யலாமா?

செய்யலாம், திசை மட்டும் மாறும். நான் தமிழாக்கியதை இன்னொருவர் ஆங்கிலமாக்க வேண்டும், அதை வந்த கடிதத்தோடு ஒப்பிட வேண்டும். இங்கே அதிகம் சிக்குவது "லாம்". முன்பணம் தரக்கூடும், உறுதியில்லை என்ற பொருளில் "மே" என்று எழுதியிருப்பார்கள். அதை "முன்பணம் தரலாம்" என்று தமிழாக்கினால், கேட்பவர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். திருப்பினால் "லாம்" மறுபடி "மே" ஆகி, குறையில்லாமல் வந்து நிற்கும். கழிவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும். அதனால் வரும் கடிதத்துக்கு நான் இன்னொன்றும் செய்கிறேன். அண்ணனிடம் படித்துக் காட்டிவிட்டு, "இப்போ என்ன செய்யப் போறீங்க அண்ணே?" என்று கேட்பேன். "பணம் வந்துரும்ல, ஐஸுக்குச் சொல்லிருறேன்" என்றால், தமிழ் தவறிவிட்டது என்று அர்த்தம்.

தேதி, எண்ணெல்லாம் தானா சரியா வந்துடும்ல?

வரும், அதில்தான் ஆபத்து. 5/4 என்று எழுதினால் போய் அப்படியே திரும்பிவிடும். ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்று படிப்பவர்தான் முடிவு செய்வார். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். லட்சம் பழக்கமில்லாத ஊருக்குப் போகிற கடிதத்தில் தொகையை முழு எண்ணாக எழுதுங்கள்.

ஒவ்வொரு மெயிலுக்கும் இவ்வளவு செய்யணுமா?

வேண்டாம். "சீட்டு கிடைத்தது, நன்றி" என்பதற்கு எதற்கு? பணம், தேதி, அளவு, நிபந்தனை, குறை சொல்வது இவை உள்ள வரிகளுக்குச் செய்யுங்கள். மேலே உள்ளது போன்ற ஆறு வரிக் கடிதத்துக்குத் திருப்ப பத்து நிமிஷம், ஒப்பிட இன்னொரு பத்து நிமிஷம் ஆகும்.

ரெண்டு தடவை திருத்தியும் ஒரு வரி ஒத்து வரலைன்னா?

ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை மாற்றுங்கள். ஐஸ் செலவு வரி எனக்கு இரண்டு தடவையும் கோணலாகவே திரும்பியது. "இருவரும்" என்று சேர்த்துப் பார்த்தேன், அது ஆளுக்கு ஆள் முழுச் செலவு போலத் திரும்பியது. கடைசியில் அண்ணனிடமே போய், நாம் என்ற சொல்லே இல்லாமல் சொல்லச் சொன்னேன். வலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஐஸ் பில்லு நூறு ரூபான்னா அம்பது நீங்க, அம்பது நாங்க." அதையே எழுதினேன். போனதும் அதுதான், வந்ததும் அதுதான். தூத்துக்குடிக்காரரும் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு அதையே சொன்னார்.